வயிற்றைப் புரட்டும் காலை

திருச்சியில் எழுந்தவுடன் பல் விளக்கிவிட்டு ஒரு டம்ளர் காபி குடித்தே வளர்ந்தவனுக்கு, ஸ்டுட்கார்ட்டில் காபி குமட்டலைக் கொண்டுவந்தது. அவன் என் அக்கா மகன். மோட்டார் உதிரிப் பாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அதிர்வுச் சோதனைப் பிரிவில் பொறியாளர். ஒரு பாகத்தை மேடையில் பொருத்திக் குலுக்கி, அது எந்த இடத்தில், எத்தனையாவது மணியில் விரிசல் விடுகிறது என்று பார்ப்பது அவன் வேலை. நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன் என்பதால், வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் தொலைபேசி எனக்குத்தான் வரும்.

"மாமா, தெனமும் ஆபீஸ் போனதும் வயித்தப் பொரட்டுது. வாந்தி வராது. ஆனா வந்துரும்போல இருக்கும். கை லேசா நடுங்குது. மத்தியானம் சாப்பிட்டா சரியாயிடுது" என்றான்.

"காலையில என்னடா சாப்பிடற?"

"எங்க மாமா சாப்பிடறது? கொமட்டுதுல்ல, அதான் சாப்பிட முடியல."

அவன் சொன்ன இந்தக் காரணத்தை அப்போது நானும் கேள்வி கேட்காமல் ஏற்கவே பார்த்தேன். குமட்டுகிறவன் சாப்பிட மாட்டான், அது இயல்புதானே. ஆனால் அவன் குமட்டலைக் காரணமாகவும் சாப்பிடாததை விளைவாகவும் சொல்கிறான். உண்மையில் எது முந்தியது என்பதைக் கடிகாரத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. "சோதனைக் கூடத்துல பழுதுக்கு நேரம் குறிப்பியே, அதே மாதிரி இதுக்கும் குறி" என்றேன்.

அவன் ஏற்கெனவே சிலவற்றைச் சந்தேகித்திருந்தான். எஸ்-பான் ரயிலின் ஆட்டமாக இருக்கலாம், அந்த ஊர்ப் பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், வேலைப் பதற்றமாக இருக்கலாம். சனி, ஞாயிறுகளில் தொந்தரவு இல்லை என்பதால் வேலைப் பதற்றத்தின் மேல்தான் அவனுக்குச் சந்தேகம் அதிகம். அங்குள்ள மருத்துவர் ஒருவர் ஹெலிகோபேக்டர் கிருமிக்கான பரிசோதனை செய்து, அது இல்லை என்று சொல்லிவிட்டார்.

நோட்டு எழுதத் தொடங்கியதும் ஒரு சாதாரண நாளின் உருவம் தெரிந்தது. இரவு எட்டரைக்குச் சாப்பாடு முடிகிறது. காலை ஆறேகாலுக்கு எழுகிறான், ஏழு பத்துக்கு ரயில். எட்டு மணிக்கு அலுவலக இயந்திரத்தில் ஒரு பெரிய கோப்பை கறுப்புக் காபி. அங்கே வைத்திருக்கும் சின்னப் பொட்டலப் பால் பிடிக்காததால் பால் சேர்ப்பதில்லை. ஒன்பது மணிக்கு இரண்டாவது கோப்பை. ஒன்பதேகாலிலிருந்து ஒன்பதரைக்குள் குமட்டல். பதினொன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் எல்லோரும் உணவகத்துக்குப் போகிறார்கள். சாப்பிட்டு அரைமணியில் சரியாகிவிடுகிறது. முதல் காபிக்கு முன்னால், அதாவது எழுந்ததிலிருந்து எட்டு மணிவரை, குமட்டல் என்ற குறிப்பு நோட்டில் ஒரு நாளும் இல்லை. பசியும் இல்லை, அவ்வளவுதான். ரயில் ஆட்டத்தின் மேல் இருந்த சந்தேகம் இங்கேயே விழுந்தது. ரயிலிலிருந்து இறங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து யாருக்கும் பயணக் குமட்டல் தொடங்குவதில்லை.

காலையில் பசிக்காமல் இருப்பது நோயின் அறிகுறி அல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிராங்க் ஷீரும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தூக்கம், உணவு ஆகியவற்றின் பாதிப்பைப் பிரித்துவிட்டு, உடலின் உள்கடிகாரம் மட்டும் பசியை எப்படி ஏற்றி இறக்குகிறது என்று பார்த்தார்கள். பசி மிகக் குறைவாக இருந்தது காலை எட்டு மணியளவில். மிக அதிகமாக இருந்தது இரவு எட்டு மணியளவில். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தும் காலையில் பசி மந்தமாக இருப்பதற்கு இதுதான் அடிப்படை. குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட்டில் எட்டு மணிக்குத்தான் சூரியனே எட்டிப் பார்க்கிறது. இருட்டில் எழுந்து ஓடுகிற ஒருவனுக்குச் சாப்பிடத் தோன்றாது. தோன்றவில்லை என்பதால் வயிற்றுக்கு வேண்டியதில்லை என்று ஆகாது.

சாப்பாடு இல்லாத வயிறு சும்மா இருப்பதும் இல்லை. 1912-ல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியங்கியலாளருடன் வேலை செய்த வாஷ்பர்ன் என்பவர், ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, அதிலிருந்து வாய் வழியாக வரும் குழாயை ஒரு பதிவுக் கருவியில் இணைத்துக்கொண்டார். தனக்குப் பசி கிள்ளும்போதெல்லாம் அவர் ஒரு குறி போட, அதே நேரத்தில் இரைப்பை பலமாகச் சுருங்குவதைக் கருவி காட்டியது. காலியான குடலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பலத்த சுருக்க அலை ஒன்று இரைப்பையில் புறப்பட்டுச் சிறுகுடல் முழுக்க ஓடி, மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. வயிறு கடமுடவென்று சத்தம் போடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். உணவு உள்ளே வந்துவிட்டால் இந்த அலை நின்று, இரைப்பை வேறு வகையான, நிதானமான அசைவுக்கு மாறிக்கொள்கிறது.

காலியான இரைப்பையில் இருக்கும் சாற்றின் அளவு குறைவு, ஆனால் அமிலத்தன்மை அதிகம். பி.எச். அளவில் ஒன்றரையிலிருந்து இரண்டு. உணவில் உள்ள புரதம் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், சாப்பிட்டவுடன் இந்த அளவு நான்கு, ஐந்து என்று ஏறிவிடும். இங்கே ஒரு பரவலான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. காபி அமிலம், அதனால் வயிற்றைக் கெடுக்கிறது என்று பலர் சொல்வார்கள். காபியின் பி.எச். சுமார் ஐந்து. இரண்டு என்ற அளவில் இருக்கும் இரைப்பைச் சாறு அதைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை உள்ளது. அதற்குள் காபி வந்து புதிதாக அமிலம் சேர்க்கிறது என்பது பொருந்தாது. காபி செய்வது வேறு: இரைப்பையையே அமிலம் சுரக்கத் தூண்டுகிறது.

இதற்கு ஒரு வழி கசப்பு. நாக்கில் கசப்பை அறியும் ஏற்பிகள் இருப்பது தெரிந்ததே. இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களிலும் அதே ஏற்பிகள் இருப்பதை வியன்னா பல்கலைக்கழகத்தில் வெரோனிகா சோமோசாவின் குழு 2017-ல் காட்டியது. காஃபீனை மாத்திரை உறையில் வைத்து, நாக்கில் படாமல் நேராக இரைப்பையில் சேர்த்தபோது அமிலச் சுரப்பு வேகம் பிடித்தது. ஆனால் காஃபீன் மட்டுமே காரணம் அல்ல. 1975-ல் கோஹன், பூத் என்ற இருவர் காஃபீன் நீக்கிய காபியையும் தனி காஃபீனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமிலத்தை அதிகம் தூண்டியது காஃபீன் நீக்கிய காபிதான். காபிக்கொட்டையிலும் வறுவலிலும் உள்ள வேறு பொருள்களுக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. உணவு இருந்தால் சுரக்கும் அமிலம் அதன்மேல் செலவாகும். உணவு இல்லையென்றால் இரைப்பைச் சுவரும் உணவுக்குழாயின் அடிப்பகுதியும்தான் அதை எதிர்கொள்ள வேண்டும்.

அமிலம் மட்டும் என்றால் எரிச்சல் வரும், புளித்த ஏப்பம் வரும். கை நடுங்காது. என் மருமகனுக்கு நடுங்கியது. "சுகர் எறங்கிடுதோ மாமா?" என்று அவன் கேட்டதற்கு அதுதான் காரணம். அலுவலகத்தில் சர்க்கரை நோயுள்ள ஒருவரிடம் கருவியை வாங்கி, புது ஊசியால் குத்தி, குமட்டல் உச்சத்தில் இருந்தபோது அளந்தும் பார்த்தான்: 91. வேறு நோயோ சர்க்கரை மாத்திரையோ இல்லாதவருக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரப் பட்டினியில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்காது. கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து விட்டுக்கொண்டே இருக்கும். ஆனாலும் அவன் உணர்ந்த நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் சர்க்கரை இறங்கியவருக்கு வருவதைப் போலவே இருந்ததில் வியப்பில்லை. இரண்டிலும் அவற்றை உண்டாக்குவது அட்ரினலின்தான்.

காஃபீன் அட்ரினலினை எவ்வளவு ஏற்றும் என்பதை டேவிட் ராபர்ட்சனின் குழு 1978-ல் அளந்தது. வழக்கமாகக் காபி குடிக்காதவர்களுக்கு 250 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தபோது, இரத்தத்தில் அட்ரினலின் ஏறத்தாழ மூன்று மடங்கானது. தினமும் குடிப்பவர்களுக்கு உடல் சில நாள்களிலேயே பழகிக்கொள்வதால் இவ்வளவு ஏறாது, ஆனால் அந்தப் பழக்கம் முழுக் கவசம் அல்ல. பழகிய அளவைத் தாண்டிக் குடித்தால் மீண்டும் தெரியும். காலி வயிற்றிலிருந்து கறுப்புக் காபி போன்ற திரவம் சீக்கிரமாகவே சிறுகுடலுக்கு இறங்கிவிடுகிறது என்பதால் காஃபீன் வேகமாக இரத்தத்தில் சேர்கிறது. உணவோடு போனால் அதே அளவு மெதுவாக, தாழ்ந்த உச்சத்தோடு சேரும்.

அட்ரினலினுக்கும் குமட்டலுக்கும் என்ன தொடர்பு? இரைப்பைக்கு இதயத்தைப் போலவே ஒரு மின் தாளம் உண்டு. நிமிடத்துக்கு மூன்று துடிப்பு. 1920-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வால்டர் ஆல்வாரெஸ் என்ற மருத்துவர் வயிற்றின் தோல்மேல் மின்முனைகளை வைத்து இதை முதலில் பதிவு செய்தார். ஓடும் வண்டியில் குமட்டல் வருபவர்களையும், கருவுற்ற முதல் மாதங்களில் குமட்டல் வருபவர்களையும் பதிவு செய்து பார்த்தால், பலரிடம் இந்தத் தாளம் கலைந்து நான்கு, ஐந்து, அதற்கும் மேல் என்று தாறுமாறாக ஓடுகிறது. உடல் பதறும்போது அட்ரினலின் இரைப்பைத் தசையைத் தளர்த்திவிடுகிறது. அசைவு குன்றுகிறது, தாளம் நிலைகொள்ளாமல் போகிறது. இரைப்பையில் நடப்பதையெல்லாம் வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அமிலத்தின் உறுத்தல், காலி வயிற்றின் சுருக்கம், கலைந்த தாளம் எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்போது மூளை அதைக் குமட்டலாக உணர்கிறது. ஒன்று மட்டும் போனால் பெரும்பாலும் உணராது. இந்தக் கூட்டுச் சேர்க்கைதான் காரணத்தைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது என்பது என் கருத்து. காபியை மட்டும் குற்றம் சொல்பவரும் பாதி சரி, பட்டினியை மட்டும் சொல்பவரும் பாதி சரி.

என் மருமகன் முதலில் செய்த சோதனை அவனை ஏமாற்றிவிட்டது. காபிதான் என்று முடிவுகட்டி ஒரு திங்கட்கிழமை அடியோடு நிறுத்தினான். செவ்வாய்க்கிழமை தலைவலி, அசதி, கூடவே குமட்டல். "காபி இல்லாமலே கொமட்டுது, அப்போ காபி காரணம் இல்ல" என்று செய்தி அனுப்பினான். அவன் குமட்டலை உண்டாக்கியது காபி இல்லாததுதான். நாள்தோறும் காஃபீன் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விலகல் அறிகுறிகள் தொடங்கும். இரண்டாம் நாள் வாக்கில் உச்சம். முழுதாக ஓய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். தலைவலி முதன்மை, குமட்டலும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு குமட்டல்களையும் பிரித்தறிய நேரமும் தலைவலியும் உதவும். விலகல் குமட்டல் காலை எழும்போதே இருந்தது, தலையைப் பிடித்துக்கொண்டு வந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் போகவில்லை. பழையது அப்படி இல்லை.

ஆகவே காபியைப் பழையபடியே விட்டு உணவை மட்டும் மாற்றச் சொன்னேன். அடுத்த வாரம் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு வேகவைத்த முட்டை, இரண்டு துண்டு கம்பு ரொட்டி. பிறகு வழக்கம்போலவே எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று என இரண்டு கோப்பை கறுப்புக் காபி. குமட்டல் வரவில்லை. ஒரு நாள் மட்டும் கை லேசாக நடுங்கியதாகக் குறித்திருந்தான். வேலை அதே வேலை என்பதால் அந்தச் சந்தேகமும் தானாகவே விலகியது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பட்டினிதான் காரணம் என்று நினைத்திருப்பான். சோதனைப் பிரிவில் இருப்பவன் என்பதால் நிறுத்தவில்லை. காபியை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, விலகல் தலைவலி வராமல் ஒரு கோப்பைக்கு வந்து, பிறகு காலையில் காஃபீன் நீக்கிய காபிக்கு மாறினான். அதைக் காலி வயிற்றில் இரண்டு கோப்பை குடித்தபோது நெஞ்சு எரிந்தது, புளித்த ஏப்பம் வந்தது. குமட்டலும் நடுக்கமும் வரவில்லை. 1975-ஆம் ஆண்டு ஆய்வு சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது: அமிலம் சுரந்திருக்கிறது, அட்ரினலின் ஏறவில்லை. கடைசியாகப் பழைய நிலைக்கே திரும்பினான். காலி வயிறு, இரண்டு கோப்பை சாதாரணக் காபி. ஒன்பது இருபதுக்குப் பழைய குமட்டல் வந்து நின்றது. போன பழுதைத் திரும்ப வரவழைத்துக் காட்டினால்தான் காரணம் பிடிபட்டதாக அவர்கள் பிரிவில் ஒப்புக்கொள்வார்களாம். நல்ல விதி.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. எதைக் குடிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். குமட்டல் என்பது எதிர்பார்ப்புக்கு எளிதில் வளைந்துகொடுக்கும் உணர்வு. வரும் என்று நினைத்தால் பலருக்கு வந்துவிடும். அதனால் உடன் தங்கியிருந்த நண்பனிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, சில நாள் சாதாரணக் காபியும் சில நாள் காஃபீன் நீக்கியதும் நிரப்பச் சொன்னேன். எது என்பதை நண்பன் தன் தொலைபேசியில் மட்டும் குறித்துக்கொண்டான். குமட்டிய நாள்களைப் பிறகு ஒப்பிட்டபோது, ஒரு நாளைத் தவிர மற்றவை பொருந்தின. அவன் ஒருவன் மேல் நடந்த சோதனை இது, உலகத்துக்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அவன் வயிற்றைப் பொறுத்தவரை போதும்.

அப்படியானால் திருச்சியில் ஏன் வரவில்லை? அங்கேயும் வெறும் வயிற்றில்தான் குடித்தான். கணக்குப் போட்டால் தெரிகிறது. அக்கா வீட்டில் ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய எட்டு கிராம் தூள் போகும், அதில் முப்பது சதவீதம் சிக்கரி. சிக்கரியில் காஃபீன் கிடையாது. மீதி ஐந்தரை கிராம் கொட்டைத் தூளில் அரபிகாவும் ரோபஸ்டாவும் கலந்திருந்தால் டிகாக்‌ஷனில் இறங்குவது சுமார் 60 முதல் 80 மில்லிகிராம் காஃபீன். அலுவலகக் கோப்பை 300 மில்லிலிட்டர் பிடிக்கும். 240 மில்லிலிட்டர் வடிகாபியில் சராசரியாக 95 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கில் ஒரு கோப்பைக்கு 120, இரண்டுக்கு 240 மில்லிகிராம் வருகிறது. அதாவது ஒரு மணி நேர இடைவெளிக்குள் வீட்டு டம்ளரைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு. ஆரோக்கியமான பெரியவர் ஒரே தடவையில் 200 மில்லிகிராம்வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015-ஆம் ஆண்டு மதிப்பீடு.

அதைவிட முக்கியமானது டம்ளரில் பாதிக்கு மேல் இருந்த பால். பாலில் உள்ள புரதம் அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதன் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரையும் இருந்தது. நாம் பானம் என்று நினைக்கும் அந்த டம்ளர், இரைப்பையின் கணக்கில் ஒரு சிறு உணவு. அது இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோ பொங்கலோ பின்னாலேயே வந்துவிடும். ஸ்டுட்கார்ட்டில் வார இறுதிகளில் அவனுக்குத் தொந்தரவு இல்லாததற்கும் இதுவே காரணம்: வீட்டிலிருந்து கொண்டுபோன ஃபில்டரில் பால் காபி, அதையடுத்து தோசை. ஞாயிற்றுக்கிழமை பதற்றம் இல்லாததுதான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது முட்டையும் ரொட்டியும் தொடர்கின்றன. எழுந்தவுடன் இறங்கவில்லை என்றால் தயிரை ஒரு டப்பாவில் கொண்டுபோய், அலுவலகத்தில் முதல் கோப்பைக்கு முன்னால் சாப்பிடுகிறான். அளவு பெரிதாக வேண்டியதில்லை, புரதம் கொஞ்சம் இருக்க வேண்டும். கருவுற்ற பெண்களிடமும் பயணக் குமட்டல் உள்ளவர்களிடமும் நடந்த ஆய்வுகளில், மாவுச்சத்து மட்டும் உள்ள உணவைவிடப் புரதம் மிகுந்த உணவு இரைப்பைத் தாளத்தை நன்றாகச் சீராக்கியது. வெறும் பிஸ்கட்டைக் கடித்துவிட்டுக் காபி குடிப்பவர்களுக்குப் பல நேரம் பாதிப் பலனே கிடைக்கிறது.

எல்லாக் காலைக் குமட்டலும் இப்படித் தீராது. உணவையும் காபியையும் சரிசெய்து இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால், எடை குறைகிறது என்றால், மலம் கறுத்துப் போகிறது அல்லது வாந்தியில் இரத்தம் இருக்கிறது என்றால், விழுங்கச் சிரமம் என்றால், இரவில் வயிற்றுவலி எழுப்பிவிடுகிறது என்றால், காலைத் தலைவலியோடு பீறிட்டு வாந்தி வருகிறது என்றால், நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். கருவுற்ற காலத்திலும் சில கருத்தடை மாத்திரைகள் எடுக்கும்போதும் காஃபீன் உடலைவிட்டு வெளியேற வெகு நேரம் பிடிக்கும்.

ஃபிளாஸ்க் நிரப்பிக் கொடுத்த அந்த நண்பனுக்கும் காலையில் குமட்டல் இருந்திருக்கிறது. மருமகனைப் பார்த்து அவனும் முட்டை, ரொட்டி என்று தொடங்கினான், காபியையும் பாதியாக்கினான், பலனில்லை. முதுகுவலிக்காக அவன் எழுந்தவுடன் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்த ஐபுபுரோஃபென் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. அந்த வகை வலிநிவாரணிகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்தின் உற்பத்தியையே குறைப்பவை. மருத்துவர் அதை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒன்றைச் சில வாரங்களுக்குக் கொடுத்திருக்கிறார். முதுகுவலிக்கு இப்போது பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.